சிந்தனைக் கட்டுரை: பரீட்சைக்குப் படிக்கும் பழக்கத்தில் காக்னிட்டிவ் டிசொனன்ஸை எப்படிக் காட்டுவது?

கோத்தகிரி இலை

வணக்கம். இங்க மலையிலேயே ஒரு கல்லூரியில் சைக்காலஜி இரண்டாம் வருஷம் படிக்கிறேன். ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு எண்ணங்களோ, எண்ணமும் செயலுமோ மோதும்போது உள்ளே வரும் உறுத்தல்தான் காக்னிட்டிவ் டிசொனன்ஸ். பரீட்சைக்குத் தயாராகும் பழக்கத்தில் நாமே கவனித்த டிசொனன்ஸ் பற்றி 1500 வார்த்தையில் சிந்தனைக் கட்டுரை கேட்டிருக்காங்க. முதல் பிரதி கொடுத்தாச்சு. அதில் முக்கியமான பத்தி இது:

"திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இன்டர்னல் வரும்போது மஞ்சள் ஹைலைட்டரை எடுத்துக்கொண்டு வாசிக்கத்தான் உட்காருகிறேன். அறிவும் செயலும் முரண்படுகின்றன. இதுவே டிசொனன்ஸ்."

பக்கத்து ஓரத்தில் மேடம் எழுதினது ஒரே வரி: "இது பழக்கம். முரணை நீ என்ன செய்தாய்?" இதுக்கு மேல என்ன எழுதணும்னு பிடிபடலை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குன்னூர் குரூப்-2

நீங்க எழுதினது சரிதாங்க. இந்தக் கோட்பாட்டைக் கொண்டுவந்த ஃபெஸ்டிங்கர் 1957ல சொன்னதே இதுதான். சிகரெட் கெடுதல்னு தெரியும், ஆனா பிடிக்கிறான். அதே மாதிரி ஹைலைட்டர் பிரயோஜனமில்லைன்னு தெரியும், ஆனா அதைத்தான் தேய்க்கிறோம். மேடம் மார்க் குறைக்க ஏதோ கேக்கிறாங்க.

வேணும்னா அந்த டாலர் சோதனையையும் சேர்த்துக்குங்க. சலிப்பான வேலையை "ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னு பொய் சொல்ல 1 டாலர், 20 டாலர்னு கொடுத்தாங்க. 20 டாலர் வாங்கினவங்கதான் வேலை நல்லா இருந்துச்சுன்னு நிஜமாவே நம்ப ஆரம்பிச்சாங்க. காசு பேசும்ல.

வெலிங்டன் டீச்சர்

குன்னூர் தம்பி, முதல் பாதி சரி. டாலர் கதை தலைகீழாகிவிட்டது. அதைத் திருத்தினாலே இந்தப் பெண்ணின் கேள்விக்கும் பாதி பதில் வந்துவிடும்.

ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் 1959இல் செய்தது அது. ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் ஒரு மணி நேரம் உருளைகளைத் தட்டில் அடுக்கி எடுப்பது, முளைகளைக் கால் திருப்பு திருப்புவது என்று அலுப்பான வேலை செய்தார்கள். பிறகு வெளியே காத்திருக்கும் பெண்ணிடம் "சுவாரசியமாக இருந்தது" என்று சொல்லச் சொன்னார்கள். கடைசியில் அந்த வேலை எவ்வளவு பிடித்தது என்று −5 முதல் +5 வரை மதிப்பிடச் சொன்னார்கள். பொய் சொல்லவே சொல்லாதவர்களின் சராசரி −0.45. 20 டாலர் வாங்கியவர்கள் −0.05. வெறும் 1 டாலர் வாங்கியவர்கள் +1.35.

20 டாலர்காரனுக்குச் சிக்கல் இல்லை. "காசுக்காகச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். 1 டாலர்காரனுக்கு அந்தச் சாக்கு போதாது. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. மாற்ற முடிந்தது அவன் கருத்து மட்டும்தான். அதனால் அது நகர்ந்தது.

அம்மா கோத்தகிரி, மேடம் கேட்பது இந்த நகர்வைத்தான். "தெரியும், ஆனால் செய்யவில்லை" என்பதை சோம்பலும் தரும், பழக்கமும் தரும், களைப்பும் தரும். தெரிந்ததும் செய்ததும் மோதியபோது உள்ளே ஒரு உறுத்தல் வந்ததா, அதைத் தணிக்க உன் எண்ணங்களில் எதை நீ கொஞ்சம் தள்ளி வைத்தாய் என்று காட்டினால்தான் டிசொனன்ஸ் கட்டுரை. உன் பத்தியில் இரண்டு எண்ணங்களும் முதல் வரியில் இருந்த இடத்திலேயே கடைசி வரியிலும் உட்கார்ந்திருக்கின்றன.

கூடலூர் அண்ணன்

தங்கச்சி, இதுக்கெல்லாம் இவ்வளவு யோசிக்க வேணாம். காலைல 4 மணிக்கு எழுந்திரு. முகம் கழுவு. கட்டன் சாயா ஒண்ணு போடு. 4.15லேர்ந்து 6.15 வரைக்கும் ஒரு யூனிட். போனை அடுத்த ரூம்ல வை. ஞாயிற்றுக்கிழமை பழைய கொஸ்டின் பேப்பர். ஒரே மாசத்துல பழக்கம் மாறும். ஹைலைட்டரைத் தூக்கி எறி.

கோத்தகிரி இலை

நன்றிண்ணா. பழக்கத்தை மாத்துறது எப்படின்னு கேக்கலை. என்ன நடக்குதுன்னு கவனிச்சு எழுதணும், அதுதான் வேலை. (ஜனவரி நாலு மணிக்கு எங்க ஊர்ல முகம் கழுவிப் பாருங்க ஒரு தடவை.)

டீச்சர், அந்த "நகர்வு" நடக்கும்போது எனக்கே தெரியாதே. அப்புறம் உக்காந்து யோசிச்சா எல்லாம் முன்னாடியே அப்படித்தான் நினைச்ச மாதிரி இருக்கு. எப்படிப் பிடிக்கறது?

வெலிங்டன் டீச்சர்

நீ சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் பெரிய சிக்கல். கருத்து நகர்ந்த பிறகு, பழைய கருத்து என்னவாக இருந்தது என்பதும் சேர்ந்து மங்கிவிடும். அதனால் பிறகு யோசித்து எழுதுவது சாட்சியாகாது. முன்கூட்டியே தேதி போட்டு எழுதி வைத்தால்தான் உண்டு. ஒரு யூனிட்டை வைத்து எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். "நினைவு" பாடம் என்று வைத்துக்கொள்வோம்.

படிக்க உட்காரும் முன் ஒரு தாளில் மூன்று வரி. எந்த முறை நிற்கும் என்று நம்புகிறாய், எந்த அளவுக்கு, 10க்கு ஒரு எண் போடு. இன்று எந்த முறையில் படிக்கப் போகிறாய். இந்த இன்டர்னல் உனக்கு எவ்வளவு முக்கியம், அதற்கும் 10க்கு ஒரு எண். தாளை மடித்து நோட்டின் கடைசியில் வை. திறந்து பார்க்கக் கூடாது.

பிறகு உன் வழக்கப்படி படி. எதையும் திருத்திக்கொள்ளாதே. முடித்ததும், அந்த யூனிட்டிலிருந்து பழைய பேப்பரில் வந்த 2 மார்க் கேள்விகள் பத்தைத் தோழி ஒருத்தியை எடுத்துத் தரச் சொல். நீயே எடுத்தால் தெரிந்ததாகப் பார்த்துத்தான் எடுப்பாய். பார்க்கும் முன் எத்தனை எழுதுவாய் என்று ஊகித்து எழுது. ஒரு நாள் இடைவெளி விட்டு, புத்தகத்தை மூடிவைத்து எழுது, திருத்து.

ஊகம் 8, வந்தது 4 என்று வைத்துக்கொள். அந்த நிமிஷம்தான் கட்டுரையின் நடு. பேனாவைக் கீழே வைக்காமல், மனதில் முதலில் ஓடும் வாக்கியத்தை அப்படியே எழுது. அலங்காரம் வேண்டாம். "இந்தக் கேள்விகளே சரியில்லை." "நான் புரிந்துதான் படிக்கிறேன், மனப்பாடம் பண்ணுவதில்லை." "இன்டர்னல்தானே, செமஸ்டரில் பார்த்துக்கலாம்." "வாசிப்பு முதல் சுற்று, எழுதுவது இரண்டாம் சுற்று." எதுவாக இருந்தாலும் சரி. அதன் பிறகு, மடித்த தாளைத் திறக்காமல் அதே மூன்று வரியை இன்னொரு தாளில் புதிதாக எழுது. கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.

முக்கியத்துவம் 9இலிருந்து 6க்கு இறங்கியிருந்தால், நீ மோதலின் கனத்தைக் குறைத்திருக்கிறாய். மூடிவைத்து எழுதும் முறையில் இருந்த நம்பிக்கை 8இலிருந்து 5க்கு இறங்கியிருந்தால், எண்ணத்தையே மாற்றியிருக்கிறாய். எண்கள் அப்படியே இருந்து, "முதல் சுற்று" மாதிரி புதிதாக ஒரு வாக்கியம் முளைத்திருந்தால், இரண்டையும் சமாதானப்படுத்த மூன்றாவது எண்ணம் ஒன்றைச் சேர்த்திருக்கிறாய். நான் திருத்திய கட்டுரைகளில் இந்த மூன்றாவதுதான் அதிகம். நிறம் பிரித்து அட்டவணை போடுவதும் அந்த வகைதான். அட்டவணை போட்டு முடித்ததும் படித்த திருப்தி வந்துவிடும்.

எதுவுமே நகரவில்லை, "சரி, அடுத்த யூனிட்டை எழுதிப் பார்த்துப் படிக்கிறேன்" என்று நிஜமாகவே மாற்றினாய் என்றால் அதுவும் மோதலைத் தீர்க்கும் வழிதான். அதையும் எழுதலாம்.

கொடை வடகவுஞ்சி

டீச்சர் சொன்ன முறை நல்ல முறை. ஆனால் ஒரு இடத்தில் நிற்க வேண்டும். ஊகம் 8, வந்தது 4 என்பது டிசொனன்ஸ் அல்ல. அது தன் நினைவாற்றலைத் தானே தவறாகக் கணிப்பது. இரண்டையும் கலந்தால் மேடம் மறுபடியும் ஓரத்தில் ஒரு வரி எழுதுவார்.

ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஒரு குழு கொடுத்த நான்கு நேரத்திலும் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒரு நேரம் வாசித்துவிட்டு, மீதி மூன்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டதற்கு அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்களும் வாசித்தவர்களே.

அதாவது வாசித்த கையோடு வரும் "தெரிந்துவிட்டது" என்ற உணர்வு பொய்யும் இல்லை, சாக்கும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு அது உண்மை. ஹைலைட்டர் போடுகிற மாணவி அந்த நேரத்தில் தனக்குத் தெரியும் என்றே நேர்மையாக நம்புகிறாள். அங்கே மோதவே எதுவும் இல்லை. மோதல் இல்லாத இடத்தில் டிசொனன்ஸைத் தேடினால் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. உளவியலாளர் டேரில் பெம் 1967லேயே கேட்டார்: உள்ளே உறுத்தல் என்று ஒன்று எதற்கு? மனிதன் தன் செயலை வெளியிலிருந்து பார்ப்பவன் போலப் பார்த்து "நான் இதைச் செய்கிறேன் என்றால் இது எனக்குப் பிடிக்கிறது போல" என்று முடிவு கட்டுகிறான். அவ்வளவுதான் என்றார். "நான் வாசித்துத்தான் படிக்கிறேன், அப்படியானால் நான் வாசித்துப் படிக்கிற ஆள்." டீச்சரின் இரண்டு தாள்களும் இதோடும் பொருந்திப் போகும்.

வெலிங்டன் டீச்சர்

ஊகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க சரி. படிக்கும்போது மோதல் இல்லை. மார்க் வந்த பிறகுதான் மோதல். அதனால்தான் வாக்கியத்தை அந்த நிமிஷம் எழுதச் சொன்னேன். கட்டுரையில் இரண்டையும் இரண்டு பத்தியாகப் பிரித்துவிட வேண்டும். முதலில் ஏன் 8 என்று தோன்றியது, அடுத்து 4 வந்ததும் எது நகர்ந்தது.

பெம்முக்கு ஒரு பதில் இருக்கிறது. ஸன்னாவும் கூப்பரும் 1974இல் மாணவர்களுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். உள்ளே மருந்து எதுவும் இல்லை. சிலரிடம் "இது படபடப்பு தரும்" என்றார்கள், சிலரிடம் "அமைதி தரும்" என்றார்கள். பிறகு தங்கள் கருத்துக்கு எதிராக ஒரு கட்டுரையைத் தாங்களாக முன்வந்து எழுத வைத்தார்கள். படபடப்பு மாத்திரை என்று நம்பியவர்களின் கருத்து நகரவில்லை. உள்ளே வந்த உறுத்தலை மாத்திரையின் தலையில் கட்டிவிட்டார்கள். அமைதி மாத்திரை என்று நம்பியவர்களின் கருத்து அதிகமாகவே நகர்ந்தது. உறுத்தலே இல்லை என்றால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

இது நம் ஊருக்கு ரொம்பப் பொருந்தும். இங்கே மாத்திரை வேண்டாம், குளிர் இருக்கிறது. "பனி இறங்கிடுச்சு, உட்கார முடியலை, அதான் எழுதிப் பார்க்கலை." உறுத்தலை வானிலையின் மேல் இறக்கி வைத்துவிட்டால் அதற்குப் பிறகு எதையும் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

குன்னூர் குரூப்-2

டாலர் விஷயம் திருத்தினதுக்கு நன்றி டீச்சர். ஆனா குளிரைச் சாக்குன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். நவம்பர்ல மரம் லைன் மேல விழுந்தா கரண்ட் போயிடும். கைவிரல் மடங்காது, பேனா பிடிக்க முடியாது. கீழ கோயம்புத்தூர்ல உக்காந்திருக்கவங்க வேணா சாக்குன்னு சொல்லலாம்.

வெலிங்டன் டீச்சர்

நியாயம். குளிர் நிஜம். ஒரு காரணம் நிஜமாக இருப்பதாலேயே அது சாக்காக இருக்க முடியாது என்று ஆகாது, அவ்வளவுதான். சரிபார்க்க ஒரு வழி உண்டு. அதே இரவில், அதே குளிரில் வேறு என்ன நடந்தது என்று பார். விரல் மடங்காததால் பத்து 2 மார்க் எழுத முடியவில்லை. ஆனால் அதே கையால் அழகான எழுத்தில் நான்கு பக்கம் நோட்ஸைப் பிரதி எடுக்க முடிந்தது என்றால், குளிர் ஒரு வேலையை மட்டும் பார்த்துத் தடுத்திருக்கிறது. அப்படித் தேர்ந்தெடுத்துத் தடுக்கிற குளிர் கிடையாது. இரண்டுமே நடக்கவில்லை என்றால் குளிர்தான். அதை டிசொனன்ஸ் கணக்கில் சேர்க்காதே.

குன்னூர் குரூப்-2

ம்... பிரதி எடுக்கிறது நடந்திருக்கும். சரி, மேல சொல்லுங்க.

கூடலூர் அண்ணன்

இவ்வளவு தாள் மடிக்கிற நேரத்துல ஒரு யூனிட் முடிச்சிருக்கலாம்.

கோத்தகிரி இலை

அண்ணா, இந்த அசைன்மென்ட்டே அந்தத் தாள்தான் :)

டீச்சர் சொன்ன மாதிரி ஒரு யூனிட்டுக்குச் செய்து பார்த்தேன். திருத்திய பத்தி இது. பார்த்துச் சொல்லுங்க:

"வாசித்து முடித்ததும் 7 என்று ஊகித்தேன். வரிகள் கண்ணுக்குப் பழகியிருந்தன. பழகியதையே தெரிந்ததாக எடுத்துக்கொண்டேன். அது கணிப்பில் வந்த பிசகு. மறுநாள் 3 வந்தது. உடனே எழுதிய வாக்கியம்: 'பரீட்சையில் கேள்வியைப் பார்த்தால் தானாக வந்துவிடும்.' அன்றுவரை நான் எங்கேயும் எழுதியிராத நம்பிக்கை இது. மூடிவைத்து எழுதும் முறையின் மேல் முன்பு 9 போட்டிருந்தேன், பிறகும் 9. இன்டர்னலின் முக்கியத்துவமும் மாறவில்லை. அதாவது நான் என் அறிவைக் குறைத்துக்கொள்ளவில்லை. அந்த அறிவு எனக்குப் பொருந்தாதபடி ஒரு விதிவிலக்கைச் செய்துகொண்டேன். அன்று இரவு மறுபடியும் ஹைலைட்டர்தான் எடுத்தேன், எந்த உறுத்தலும் இல்லாமல். இதனால் டிசொனன்ஸ் என்னுள் இருந்தது நிரூபிக்கப்படுகிறது."

வெலிங்டன் டீச்சர்

"விதிவிலக்கு" நல்ல இடம். ஊகத்தைத் தனியாகப் பிரித்ததும் சரி. "எந்த உறுத்தலும் இல்லாமல்" என்பதற்கு இன்னும் இடம் கொடு. மார்க் பார்த்தபோது உறுத்தியது, அந்த வாக்கியம் எழுதிய பிறகு உறுத்தவில்லை என்றால், அந்த வாக்கியம் என்ன வேலை செய்தது என்பதற்கு அதுதான் தடயம். மார்க் பார்த்த நிமிஷத்தில் எப்படி இருந்தது என்று தாளில் ஏதாவது எழுதியிருக்கிறாயா? இருந்தால் அதை அப்படியே மேற்கோளாகப் போடு. இல்லையென்றால் இப்போது இட்டுக்கட்டாதே. "உறுத்தல் பற்றிய பதிவு என்னிடம் இல்லை" என்று எழுது.

கொடை வடகவுஞ்சி

கடைசி வரியை எடுத்துவிடுங்கள். ஒரு ஆள், ஒரு யூனிட், தானே கேட்டுத் தானே சொன்ன பதில். எதுவும் நிரூபணமாகாது. "டிசொனன்ஸ் கோட்பாடு இதை இப்படி விளக்கும், பெம் அப்படி விளக்குவார், என் பதிவு இன்ன காரணத்தால் முதலாவதன் பக்கம் சாய்கிறது" என்ற அளவோடு நிறுத்தலாம்.

கோட்பாட்டின் அடித்தளமே இப்போது விவாதத்தில்தான் இருக்கிறது. தன் கருத்துக்கு எதிராக எழுத வைக்கும் அந்தப் பழைய சோதனை முறையை 39 ஆய்வகங்கள் சேர்ந்து திரும்பச் செய்து 2024இல் முடிவை வெளியிட்டன. எதிராக எழுதியவர்களின் கருத்து நகர்ந்தது. ஆனால் தாமாக முன்வந்து எழுதியவர்களுக்கும், கட்டாயத்தில் எழுதியவர்களுக்கும் இடையே எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை. தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வுதான் உறுத்தலுக்குக் காரணம் என்பது கோட்பாட்டின் முக்கியமான தூண். அது ஆடுகிறது.

வெலிங்டன் டீச்சர்

ஆடுகிறது என்பது வரை சரி. விழுந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே தேர்வு உணர்வை உண்டாக்கிய விதமே போதவில்லை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் வருஷக் கட்டுரைக்கு ஒரு பத்தி போதும். அதை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. கடைசி வரியை எடுக்கச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

குன்னூர் குரூப்-2

ஒரு சந்தேகம். இப்படித் தாள் எழுதி வச்சுப் பார்த்தா அடுத்த யூனிட்டுக்கு ஆளே மாறிட மாட்டாங்களா? அப்புறம் கவனிச்சது யாரோட பழக்கம்?

வெலிங்டன் டீச்சர்

நல்ல கேள்வி. மாறலாம். அமெரிக்காவின் சான்டா க்ரூஸில் நடந்து 1992இல் வெளியான ஒரு சோதனை இதைத்தான் செய்தது. நீச்சல் குளத்திலிருந்து குளிக்கப் போகும் மாணவிகளிடம், தண்ணீரைச் சேமியுங்கள் என்ற அறிவிப்பில் கையெழுத்து வாங்கினார்கள். கூடவே அவர்கள் தண்ணீரை வீணாக்கிய சந்தர்ப்பங்களையும் கேள்வி கேட்டு நினைவுபடுத்தினார்கள். இரண்டும் சேர்ந்தபோது குளியல் நேரம் குறைந்தது. மடித்த தாளும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். நீ எதை நம்புகிறாய் என்று உன் கையாலேயே எழுதிவிட்டு, அதற்கு எதிராக நடந்ததையும் நீயே எழுதுகிறாய்.

அதனால் கோத்தகிரி, முதல் யூனிட்டின் பதிவை மட்டும் உன் பழைய பழக்கம் என்று எழுது. இரண்டாவது யூனிட்டுக்கும் செய்தால், அதைத் தனித் தலைப்பில் "கவனித்த பிறகு" என்று போடு. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்காதே.

கோத்தகிரி இலை

தாளில் தேடினேன் டீச்சர். 3ஐ வட்டம் போட்டு, பக்கத்தில் "ச்சே" என்று மட்டும் இருக்கு. அதை மேற்கோளாகப் போடலாமா?

வெலிங்டன் டீச்சர்

போடு. அதற்கு நேர் கீழே அந்த "தானாக வந்துவிடும்" வாக்கியத்தைப் போடு. இரண்டுக்கும் நடுவில் விளக்கம் எழுதாதே, விளக்கம் அடுத்த பத்தியில் வரட்டும்.

கொடை வடகவுஞ்சி

"ச்சே" உறுத்தலா, வெறும் ஏமாற்றமா என்று மேடம் கேட்பார். பத்துக்கு 3 வாங்கிய யாரும் சொல்வதுதான் அது. பதிலைத் தயாராக வைத்திருங்கள்.